சாடையாகச் சொன்னது சென்று சேரவில்லை: சக பணியாளரின் அறிக்கைக்குக் கருத்து எழுதுதல்

கேள்வி: ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் வருமானம் பற்றி நெதர்லாந்தில் இருக்கும் எங்கள் சக பணியாளர் எழுதிய வரைவு அறிக்கையில் பெரிய பிழைகள் உள்ளன. பண்பாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். "நன்றி, அறிக்கை உங்களுக்குப் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி" என்று பதில் வந்தது, ஒன்றும் மாறவில்லை. அவரை நோகடிக்காமல், ஆனால் விளங்கும்படி எப்படி எழுதுவது? என் மடலையும் பிழைகளின் விபரத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் மடலை அவர் தவறாக வாசிக்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்திருக்கிறார். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தந்தால் இப்படி இருக்கும்: "மிக விரிவான, அருமையான அறிக்கை. இவ்வளவு உழைப்பைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். நேரம் கிடைத்தால் வருமானப் பகுதியை இன்னொரு முறை பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். தோட்டத்து நிலைமை சில வேளைகளில் வேறுபடலாம். பெற்றோரைப் பற்றிய வசனம் சிலருக்குச் சற்றுக் கடுமையாகத் தெரியலாம். மற்றபடி எல்லாம் நன்று."

இதை நோர்வூட்டிலோ தலவாக்கலையிலோ இருக்கும் ஒருவர் வாசித்தால், மூன்றாவது வசனம் முடிவதற்குள்ளேயே அவருக்குச் சங்கதி பிடிபட்டுவிடும். "நேரம் கிடைத்தால்" என்பது கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதையும், "சிலருக்கு" என்பது எங்களுக்கு என்பதையும் அவர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். பிழையை நேராகச் சொல்லாமல், கேட்பவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள இடம் விட்டுச் சொல்வதில் பெரிய மரியாதை இருக்கிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1978இல் பணிவுப் பேச்சைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமப் பேச்சிலிருந்து அதற்கான தரவு வந்தது. அவர்கள் பிரித்துக் காட்டிய வழிகளில் ஒன்றுதான் இந்தச் சாடைப் பேச்சு. அதன் சிறப்பே, சொன்னவர் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று பின்வாங்கவும், கேட்டவர் கேட்காதது போல் இருந்துகொள்ளவும் வழி விடுவது. அதன் பலவீனமும் அதுவேதான். சாடையைப் பிடித்துக்கொள்ளப் பழகிய காது மறுபக்கத்தில் இல்லாவிட்டால், சொன்னது சொல்லாததற்குச் சமமாகிவிடும். நேருக்கு நேர் கதைக்கும்போது முகமும் குரலும் அந்தக் குறையை ஓரளவு நிரப்பும். மின்னஞ்சலில் அவையும் இல்லை.

நெதர்லாந்து அலுவலகங்களில் வேலையைப் பற்றிய கருத்தை வெளிப்படையாகச் சொல்வது பரவலான பழக்கம். பிழை இருந்தால் இன்ன இடத்தில் பிழை என்று எழுதுவார்கள். எழுதாவிட்டால் இல்லை என்று கொள்வார்கள். பாராட்டையும் அப்படியே, சொன்ன அளவுக்கே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே உங்கள் மடலில் அவர் கண்டது ஆறு வசனங்கள்: மூன்று முழுமையான பாராட்டு, மூன்று "பார்க்கலாம், இருக்கலாம், தெரியலாம்" என்ற வகை. வேலை நெருக்கடியில் இருக்கும் ஒருவர் அந்த மூன்று "லாம்"களுக்காக ஓர் அட்டவணையை மீண்டும் கணக்கிட உட்கார மாட்டார்.

ஆனால் ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்ததை வைத்து ஒரு மனிதரை முடிவுகட்டக் கூடாது. உங்கள் சக பணியாளரைப் பற்றி மிக நம்பகமான சான்று, அவர் உங்கள் எழுத்துக்கு முன்பு தந்த கருத்துகளே. பழைய மடல் ஒன்றைத் திறந்து பாருங்கள். "இந்தப் பந்தி தெளிவில்லை, மாற்றுங்கள்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால், அவர் தானும் அப்படிப் பெற விரும்புகிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நீண்ட முன்னுரையோடு எழுதியிருந்தால் நீங்களும் ஓரிரு வசனம் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய மடல் எதுவும் இல்லையென்றால் கேட்டுவிடுவதில் தவறில்லை: "என் கருத்துகளைக் கோப்பிலேயே குறிக்கட்டுமா, முக்கியமானவற்றை மடலில் தனியாக எழுதட்டுமா?" என்ற ஒரு கேள்வியே, கருத்துகள் வரப்போகின்றன என்பதை அவருக்கு முன்கூட்டி அறிவித்துவிடும்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். நீங்கள் குறித்த பிழைகள் ஒரே எடையுள்ளவை அல்ல. மஸ்கெலியா, பொகவந்தலாவ ஆகிய பெயர்களின் எழுத்துப் பிழைகள், ஒரு பக்க எண் மாறியிருப்பது போன்றவற்றை மடலில் எழுதவே வேண்டாம். கோப்பின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். அவற்றையும் பெரிய பிழைகளையும் ஒரே வரிசையில் அடுக்கினால், அவர் எளிதானவற்றை முதலில் திருத்திவிட்டுப் பெரும்பகுதி முடிந்தது என்று எண்ணுவார். மடலுக்கு உரியவை இரண்டு மட்டும்: வருமானக் கணக்கு, பெற்றோரைப் பற்றிய வசனம்.

வருமானக் கணக்கில் அவர் செய்திருப்பது, 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை 26 நாட்களால் பெருக்கி, ஒரு தொழிலாளியின் மாத வருமானம் 35,100 ரூபாய் என்று போட்டிருப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இயல்பான கணக்கு. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்த நாட்களுக்குத்தான் சம்பளம் என்பதும், தோட்டம் குறித்த கிலோ அளவுக்குக் கொழுந்து வராத நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள், போடுவதும் உண்டு என்பதும், ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காய்கின்ற மாதங்களில் இந்தப் பக்கத்து மலைகளில் கொழுந்து குறைந்து வேலை நாட்களும் குறையும் என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்கு இவை சிறு வயதிலிருந்தே தெரிந்தவை என்பதால், "நிலைமை வேறுபடலாம்" என்று எழுதியதிலேயே இவ்வளவும் அடங்கிவிட்டதாக உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பண்பாடு மாறிய வாசகருக்கு எழுதும்போது குரலின் மென்மையைவிட அதிகமாக இடறுவது இதுதான்: குறை சொல்பவர், தான் அறிந்திருப்பதில் எந்தப் பகுதி மற்றவருக்குத் தெரியாது என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் பிழை அவருடைய அலட்சியத்தால் வந்தது அல்ல என்பதும் தானாகவே தெரிந்துவிடும். தனியே ஆறுதல் சொல்லத் தேவை இராது.

உங்கள் விபரங்களைக் கொண்டு மடலை நான் இப்படி எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசையும் இதே அளவு எளிமையும் போதும். ஆங்கிலம் உங்கள் இருவருக்குமே தாய்மொழி அல்ல என்பதால் அலங்காரத் தொடர்களைத் தவிர்ப்பது இருவருக்கும் நல்லது.

விடயம்: வரைவு அறிக்கை: வெளியிடும் முன் மாற வேண்டிய இரண்டு இடங்கள் (அட்டவணை 4, பக்கம் 23)

"வணக்கம். அறிக்கையை முழுமையாக வாசித்தேன். என் முந்தைய மடலில் இதைத் தெளிவாக எழுதவில்லை, ஆகவே இப்போது எழுதுகிறேன்: இரண்டு இடங்களில் பெரிய மாற்றம் தேவை. அவை மாறும் வரை அறிக்கையை வெளியிட வேண்டாம் என்பது என் கருத்து. சிறிய திருத்தங்களைக் கோப்பிலேயே குறித்திருக்கிறேன்.

முதலாவது, அட்டவணை 4. மாத வருமானம் 35,100 ரூபாய் என்பது 1,350 ரூபாயை 26 நாட்களால் பெருக்கி வந்தது என்று விளங்கிக்கொள்கிறேன். நாட்சம்பளம் சரி. நாட்களின் எண்ணிக்கை சரியல்ல. இங்கே தொழிலாளிக்குப் பதிவான நாட்களுக்கு மட்டுமே சம்பளம். பறித்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் அரை நாளாகவும் பதிவாகலாம். கொழுந்து குறைந்த மாதங்களில் வேலை நாட்களும் குறையும். இணைத்துள்ள சம்பளத் துண்டில் 17 நாட்கள் உள்ளன. அதன்படி சம்பளம் 22,950 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதமான 1,836 ரூபாய் கழிந்தால் மீதி 21,114 ரூபாய். முற்பணமும் மற்றக் கழிவுகளும் அதற்குப் பிறகு. அட்டவணையில் உள்ள தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 13,986 ரூபாய். இப்போதைய அட்டவணையை வைத்து முடிவெடுத்தால், உதவி தேவையான குடும்பங்கள் தேவையற்றவையாகத் தெரியும். சேகரித்த துண்டுகளில் உள்ள உண்மையான நாட்களைக் கொண்டு அட்டவணையை மீண்டும் கணக்கிட்டு, மொத்தச் சம்பளம் ஒரு நிரலிலும் கைக்கு வரும் தொகை இன்னொரு நிரலிலும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். துண்டுகளின் விபரத்தை நாளை விரிதாளாக அனுப்புகிறேன். அவை 2025 மே மாதத்துக்குரியவை, அதாவது கொழுந்து அதிகமான காலம். அட்டவணையின் கீழ் அதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, பக்கம் 23இல் உள்ள 'பெற்றோரின் அக்கறையின்மையால் பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகுகின்றனர்' என்ற வசனம். நமது வினாக்கொத்தில் பெற்றோரின் அக்கறையை அளக்கும் கேள்வி இல்லை. அட்டவணை 9இல் பெற்றோர் சொன்ன காரணங்கள் பாடசாலைத் தூரமும் செலவும். ஆகவே இந்த வசனத்தை நீக்கி, அட்டவணை 9இல் உள்ள காரணங்களை அங்கே எழுதலாம். இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: தோட்டப் பெற்றோர் மீது இந்தக் குற்றச்சாட்டு நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருகிறது. அறிக்கை இங்கே வாசிக்கப்படும்போது மற்றப் பக்கங்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு வசனத்தையே பேசுவார்கள். நேர்காணல் தந்த குடும்பங்கள் அடுத்த முறை எங்களுக்குக் கதவைத் திறக்கத் தயங்கும்.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு தோட்டத்தையும் டிவிஷன் வாரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறீர்கள். எங்கள் முந்தைய அறிக்கையில் அது இல்லை. கள உத்தியோகத்தர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். அதை அப்படியே வைத்திருங்கள்.

26 நாட்களைத் தேர்ந்ததற்கு நான் அறியாத காரணம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையெனில் அடுத்த வியாழக்கிழமைக்குள் திருத்திய அட்டவணையைப் பார்க்க முடியுமா? வேண்டுமானால் புதன்கிழமை தொலைபேசியில் ஒன்றாகக் கணக்கைப் பார்க்கலாம்."

இதில் சில இடங்களை விளக்க விரும்புகிறேன். பாராட்டை முதலிலிருந்து எடுத்துக் கடைசிப் பகுதிக்குக் கொண்டுபோனதற்குக் காரணம், அங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது: எதை மாற்றக் கூடாது என்பதைச் சொல்கிறது. "அருமையான அறிக்கை" என்ற பொதுப் பாராட்டு, பிழையைச் சொல்லுமுன் விரித்த பாயாகவே வாசகருக்குத் தெரியும், அல்லது உங்களுக்கு நடந்தது போல அதுவே முழுச் செய்தியாகிவிடும். டிவிஷன் வாரியான பிரிப்பை நீங்கள் உண்மையாகவே மெச்சுகிறீர்கள் என்பது உங்கள் குறிப்புகளில் தெரிந்தது. உண்மையாக மெச்சுவதை மட்டும் எழுதுங்கள்.

"நாட்சம்பளம் சரி. நாட்களின் எண்ணிக்கை சரியல்ல" என்ற இரண்டு சிறு வசனங்களும் நம் காதுக்குக் கடுமையாகக் கேட்கலாம். உற்றுப் பாருங்கள்: சரியில்லாதது எண்ணிக்கை, "நீங்கள்" என்ற சொல் அங்கே எழுவாயாக வரவில்லை. குறையைச் சொல்லும் வசனங்களில் அட்டவணையும் வசனமும் எண்ணும் எழுவாயாக இருக்கட்டும். பாராட்டும் வசனத்திலும் வேண்டுகோளிலும் "நீங்கள்" வரட்டும். மென்மை வேண்டிய இடம் அந்த ஆளைப் பற்றிய பேச்சு. பிழையின் அளவிலும், என்ன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோளிலும் மென்மையைக் கலந்தால் அவை தேய்ந்து மறைந்துவிடும்.

நேராக எழுதச் சொன்னால் சிலர் மறு எல்லைக்குப் போய்விடுவதையும் கண்டிருக்கிறேன். "இது பிழை. மாற்றவும்" என்று மட்டும் எழுதுவார்கள். வெளிப்படையாகப் பேசுபவர்களும் காரணமில்லாத கட்டளையை விரும்புவதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது காரணமும் சான்றும். மேலே உள்ள மடலில் ஒவ்வொரு குறையோடும் நான்கு செய்திகள் வருகின்றன: எங்கே, ஏன் பிழை, அதனால் என்ன விளையும், எதைச் செய்ய வேண்டும். சம்பளத் துண்டை இணைப்பது, உங்கள் சொல்லை நம்ப வேண்டிய சங்கடத்திலிருந்து அவரை விடுவிக்கிறது. அவர் தானே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்.

பெற்றோரைப் பற்றிய வசனம் உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது என்பது உங்கள் கேள்வியின் இணைப்பிலேயே தெரிகிறது. பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு, காலையில் மலைக்கு ஏறும் ஒரு தாயைப் பற்றி அப்படி எழுதியதை வாசித்து அமைதியாக இருப்பது கடினம். அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் மடலில் முதலில் நிற்க வேண்டியது தரவு. "எங்கள் மக்களை இழிவுபடுத்திவிட்டீர்கள்" என்று தொடங்கினால், அவர் தன் நல்லெண்ணத்தைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். பேச்சு அவருடைய மனநிலையைப் பற்றியதாக மாறிவிடும், வசனம் அப்படியே கிடக்கும். வினாக்கொத்தில் அந்தக் கேள்வியே இல்லை என்று தொடங்கினால் வாதிட இடமில்லை. அதன் பின், அந்த வசனத்துக்கு இங்கே இருக்கும் பழைய வரலாற்றையும் அதன் விளைவையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதை விழுங்கிவிடுவது பணிவு ஆகாது. அவர் அறிந்தே ஆக வேண்டிய தகவல் அது. எழுதி முடித்ததும் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் காலையில் அந்தப் பந்தியை மட்டும் மீண்டும் வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

அந்த மடலை அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பணிப்பாளருக்கும் குழுவினருக்கும் பிரதி போடுவது எந்த நாட்டவருக்கும் முறைப்பாடு போலவே தோன்றும். அனுப்பும் நேரத்திலும் சற்றுக் கவனம் வேண்டும்: கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நான்கரை. நம் வெள்ளி மாலையில் அனுப்பினால் அவருடைய வாரம் முடியும் நேரத்தில், கேள்வி கேட்க நீங்கள் இல்லாதபோது போய்ச் சேரும். செவ்வாய் அல்லது புதன் பிற்பகல் ஒரு மணியளவில் அனுப்பினால் அவருடைய காலை வேலையின் தொடக்கத்தில் கிடைக்கும், நீங்களும் மேசையில் இருப்பீர்கள்.

மடல் சென்று சேர்ந்ததா என்பதை அவருடைய பதிலில் எப்படிக் கண்டுகொள்வது? "கருத்துகளுக்கு நன்றி" என்று மட்டும் வந்தால் இன்னும் சேரவில்லை என்றே கொள்ளுங்கள்; "அட்டவணை 4ஐ எந்த நாளில் எதிர்பார்க்கலாம்?" என்று ஒரு வரியில் கேளுங்கள். அவர் தன் சொற்களில் மாற்றத்தைத் திருப்பிச் சொன்னால், "உண்மையான நாட்களைக் கொண்டு கணக்கிடுகிறேன், விரிதாளை அனுப்புங்கள்" என்பது போல எழுதினால், சேர்ந்துவிட்டது. மூன்றாவது வகைப் பதிலுக்கும் தயாராக இருங்கள்: "நான் உடன்படவில்லை, மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடுவதற்காகவே 26 நாட்களை எடுத்தேன்." இது நமக்கு முகத்தில் அறைந்தது போல இருக்கும். அவரைப் பொறுத்தவரை உங்கள் கருத்தை முக்கியமானதாக எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார் என்பதே இதன் பொருளாக இருக்கக்கூடும். மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்காமல், அவர் சொன்ன காரணத்துக்கே பதில் எழுதுங்கள்: ஒப்பீட்டுக்காக 26 நாள் கணக்கை ஒரு நிரலில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வருமானம் என்று பெயரிடாமல், எல்லா நாளும் வேலை கிடைத்தால் வரக்கூடிய உச்சத் தொகை என்று தலைப்பிட வேண்டும். அப்படி முடிந்தால் அறிக்கை முன்பைவிடச் செம்மையாகும்.

வாசகர் ஜப்பானியராக இருந்திருந்தால் இந்த மடலை இப்படியே அனுப்பச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே, பொதுவாக, நேரான எழுத்துக் குறை கனமாக விழும். முதலில் தனியாகத் தொலைபேசியில் கதைத்து, சம்பளத் துண்டை இருவரும் சேர்ந்து பார்த்து, பிழையை அவரே கண்டுகொள்ள விட்ட பிறகு, ஒப்புக்கொண்ட மாற்றங்களை மட்டும் குறிப்பாக எழுதி அனுப்புவது பொருந்தும். சான்றும் வேண்டுகோளும் அப்போதும் இதே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். மாறுவது அவை வந்து சேரும் வரிசையும் வழியும்.

வியாழக்கிழமை கடந்தும் பதில் வராவிட்டால், வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு சிறு நினைவூட்டலை அனுப்புங்கள். அதில், பதிப்புக்குப் போகுமுன் அட்டவணை 4 பற்றிப் பணிப்பாளரிடம் திங்கட்கிழமை பேசப் போகிறீர்கள் என்பதை அவருக்கே முதலில் தெரிவித்துவிட்டு, சொன்னபடி திங்கட்கிழமை பேசுங்கள்.